டபுள் பிரேக் டீச்சர் கேட்ட போன் பேச்சு

டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டப் பழகுகிறவரின் காலடியில், மற்றது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவரின் காலடியில். அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் கால் வைத்தே இருபது வருடத்தை ஓட்டிவிட்டவளுக்கு அந்தத் தெருவில் ‘டபுள் பிரேக் டீச்சர்’ என்று பெயர். பெயர் வைத்தது யாரென்று தெரியாது. தண்ணீர் லாரி டிரைவர்கூட ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “என்ன டபுள் பிரேக், இன்னிக்கு எத்தனை பேரைக் காப்பாத்துன?” என்று கேட்பான். அவளும் சிரித்துக்கொண்டே, “உன்னைத் தவிர எல்லாரையும்” என்பாள்.

ஸ்கூல் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வாடகை அறை, சுவரில் சாலைக் குறியீடுகளின் படம், இரண்டு கார். டீச்சர் ஓட்டச் சொல்லிக்கொடுப்பாள். ஆள் சேர்ப்பது, பணம் வாங்குவது, பெட்ரோல், வாடகை, வங்கி, வரி எல்லாம் அவள் கணவர். பிள்ளைகள் இல்லை. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வண்டியைத் துடைப்பார்கள். அவர் பேச்சுக்காரர். கிளட்சை எப்படி விடுவது என்று சொல்ல ஆரம்பித்து மாமியார் மருமகள் சண்டையில் கொண்டுபோய் முடிப்பார். “உங்க வாய்க்குத் தனியா லைசென்ஸ் எடுக்கணும்” என்று டீச்சர் சொல்வாள்.

அந்த வாய்தான் ஒரு காலையில் நின்றுபோனது. குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடினாள். வலது கை, வலது கால் இரண்டும் தொய்ந்து சுவரில் சாய்ந்து கிடந்தார். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். பத்து நாள் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: “சரி.”

பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. என்னை யாரென்று தெரிகிறதா என்று அவள் அழுதுகொண்டு கேட்டபோதும் சரி. அவருக்குக் கோபம் வரும்போதும் வாயில் வருவது அதுதான். “சரி! சரி! சரி!” என்று இடது கையால் கட்டிலைத் தட்டுவார். டாக்டர் நல்ல மாதிரி. “அவருக்கு நாம சொல்றது பெரும்பாலும் புரியுதும்மா. வார்த்தை வெளிய வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. மெதுவா, ஒண்ணொண்ணா கேளுங்க” என்றார்.

அப்படி இருக்கும்போது, மாதம் ஐந்தாம் தேதி, டீச்சருக்கு ஒரு போன் வந்தது. அவர்களின் வரிக் கணக்கைப் பார்க்கும் டாக்ஸ் சார் ஆபீசிலிருந்து ஒரு பெண்.

“மேடம், சார் கேட்ட பேப்பர் எதுவுமே இன்னும் வரலையே. எட்டாம் தேதிக்குள்ள வேணும்னு சொல்லியிருந்தாரே.”

“எந்தப் பேப்பரும்மா?”

“அது எனக்குத் தெரியாது மேடம். சார்தான் உங்க வீட்டுக்காரர்கிட்ட போன்ல விவரமா பேசினார். போன மாசம் பத்தொம்பதாம் தேதி. ஏதோ நோட்டீஸ் விஷயம்னு என் டைரில இருக்கு, அவ்வளவுதான்.”

டீச்சர் நடந்ததைச் சொன்னாள்.  அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “சாருக்கும் பித்தப்பை ஆபரேஷன் மேடம். ஆஸ்பத்திரில இருக்கார். ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் பேச விடறாங்க. நூறு பேர் ஃபைல் நிக்குது. முதல்லேர்ந்து உங்ககிட்ட எல்லாம் சொல்ல அவரால முடியாது.”

“அப்ப நான் என்னம்மா பண்றது?”

“உங்க வீட்டுக்காரர் ஏதாவது எழுதி வச்சிருப்பாரா பாருங்க. என்னென்ன பேப்பர், என்ன தொகை பேசினாங்க, எந்தெந்தத் தேதி. ஒரு பக்கத்துல இருந்தா போதும், சார்கிட்ட காட்டி சரியா தப்பான்னு கேட்டுடறேன்.”

எங்கே எழுதி வைத்திருக்கப் போகிறார்? மளிகைச் சாமான் வாங்கப் போனாலே பாதியை மறந்துவிட்டு வருகிற மனிதர். டீச்சர் வீட்டையும் ஸ்கூல் அறையையும் தலைகீழாகப் புரட்டினாள். நோட்டீஸ் என்று ஒன்றுமே கிடைக்கவில்லை. வரித்துறை இணையதளத்தில் பார்க்கலாம் என்றால் அதன் பாஸ்வேர்டும் அவர் மண்டைக்குள் இருந்தது. கட்டிலருகே போய், “ஏங்க, நோட்டீஸ் வந்துச்சா?” என்று கேட்டாள். “சரி” என்றார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவருக்கு விஷயம் தெரியும் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

அப்போதுதான் அவருடைய போன் நினைவுக்கு வந்தது. வகுப்பு நேரத்தைப் பற்றி, கட்டிய பணத்தைப் பற்றி மாணவர்கள் பின்னால் தகராறு செய்யக்கூடாது என்று எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்திருந்தார். போன் பூட்டியிருந்தது. டீச்சர் அவருடைய செயலிழந்த வலது கையைத் தூக்கினாள். கட்டை விரலை நைட்டியில் துடைத்து, போனின் மேல் வைத்து அழுத்தினாள். திறந்துகொண்டது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திருட்டு வேலை செய்வதுபோல அவளுக்குக் கூசியது.

பத்தொன்பதாம் தேதி. ஐம்பத்திரண்டு நிமிடம்.

வீட்டில் வைத்துக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. காருக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தன் வழக்கமான இடது பக்க இருக்கையில் உட்கார்ந்து அழுத்தினாள்.

“ஹலோ சார், நான்தான் சார், ஸ்கூலு! சாப்டீங்களா?”

அவ்வளவுதான். நிறுத்திவிட்டாள். முழுக் குரல். அதற்குள் ஒரு சிரிப்பு. இரண்டு வாரமாக ‘சரி’யை மட்டுமே கேட்ட காதுக்கு அது தாங்கவில்லை. ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பிரேக்கை மிதித்தபடி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுபடி அழுத்தினாள். மறுபடி நிறுத்தினாள். முதல் பத்து நிமிடத்தைக் கடக்கவே ஒரு மத்தியானம் போனது. அதற்குள் அவர் சொன்ன ஒரு வார்த்தை வேறு நெஞ்சில் குத்திவிட்டது: “வீட்ல எதுவும் சொல்லிடாதீங்க சார், அவ பயந்துருவா.” இரண்டு வருடமாக வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லையாம். ‘அடுத்த மாசம் பாத்துக்கலாம்’ என்று தள்ளித் தள்ளி இந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறார்.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகிறவன், அண்ணியின் வீங்கிய கண்ணைப் பார்த்து விசாரித்தான். இரண்டாவது கார் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டவன் அவன். வரி, நோட்டீஸ் என்ற சொற்களைக் கேட்டதுமே அவன் முகம் சுண்டிவிட்டது.

“அண்ணி, உக்காந்து அழுதுட்டே கேட்டா ஆகாது. இங்க குடுங்க.” பதிவைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டான். அதில் ஏதோ ஒரு செயலி இருந்தது. பேச்சைக் கொடுத்தால் சுருக்கிக் கொடுக்குமாம். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றியது. பிறகு பளிச்சென்று நாலு வரி வந்தது.

“பாருங்க. கட்ட வேண்டிய வரி எட்டு லட்சத்து நாப்பதாயிரம். கடைசித் தேதி முப்பது. தேவையான ஆவணம்: ரசீதுகள், வங்கி விவரம், சான்றிதழ். முடிஞ்சுது.”

எட்டு நாற்பது. அறையில் இருந்த எல்லாவற்றையும் விற்றாலும் அதில் பாதி தேறாது. 

“ரெண்டு வண்டியையும் தள்ளிவிட்டுரலாம் அண்ணி” என்றான் கொழுந்தன். “எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான், நாளைக்கே எடுத்துப்பான். விலை கம்மியாத்தான் போகும். என்ன பண்றது? விட்டா பேங்க் கணக்கை முடக்கிருவாங்க. அண்ணன் மருந்துக்கே காசு எடுக்க முடியாது. ஜாமீன் போட்ட எனக்கும் ஆப்பு.”

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அவன் பயம் அவளுக்கும் தொற்றியது. கார் சாவிகளை எடுத்து அவன் முன்னால் மேஜையில் வைத்துவிட்டாள். அவன் எடுக்கக் கை நீட்டினான்.

“தம்பி, இருங்க” என்றாள். “கடைசித் தேதி முப்பதுன்னா அந்த ஆபீஸ் பொண்ணு எதுக்கு எட்டாம் தேதின்னு உயிரை எடுக்கிறா?”

“அவங்களுக்கு வேலை ஆகணும், முன்கூட்டியே கேப்பாங்க.”

“இருபத்திரண்டு நாள் முன்கூட்டியா?”

அவன் போனை இன்னொரு முறை அழுத்தினான். அதே நாலு வரி, வார்த்தை மட்டும் கொஞ்சம் இடம் மாறி வந்தது.

“நான் முழுசா கேட்டுடறேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க.”

“கேட்டு என்னண்ணி ஆகப்போகுது?” என்று முனகிவிட்டுப் போனான். சாவி மேஜையிலேயே இருந்தது.

மறுநாள் ஆறாம் தேதி. காலையில் மூன்று பேருக்கு வகுப்பு. ரத்து செய்தால் காசு போகும் என்பதால் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மாணவி மிதிக்க வேண்டிய இடத்தில் மிதிக்காமல் விட, டீச்சரும் மிதிக்காமல் விட்டாள். கார் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்னால் நின்ற குப்பைத் தொட்டி உருண்டதோடு சரி. மாணவி மன்னிப்புக் கேட்டு அழுதாள். “நீ அழாதேம்மா, உன் தப்பு இல்ல” என்று இறங்கித் தொட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அதன்பிறகு காரை ஒரு மைதானத்தின் ஓரமாக நிறுத்தி, தாளும் பேனாவுமாக உட்கார்ந்தாள். இந்தத் தடவை அழ நேரமில்லை. முதலில் கேட்டதையெல்லாம் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். பாதியிலேயே தலை சுற்றியது. டாக்ஸ் சாரும் பேச்சுக்காரர், இவரும் பேச்சுக்காரர். வரியில் தொடங்குவார்கள், பெட்ரோல் விலைக்குப் போவார்கள், நடுவில் யாரோ கற்றுக்கொள்ள வந்து ஃபீஸ் கேட்பார், சார் வேறு யாருக்கோ காபி வேண்டாம் என்பார், திரும்ப வரிக்கு வருவார்கள். சொன்னதையே மாற்றிச் சொல்வார்கள். எழுதிய நாலு பக்கத்தையும் பார்த்தால் அவளுக்கே ஒன்றும் விளங்கவில்லை.

அதைக் கிழித்துப் போட்டுவிட்டு புதிதாக மூன்று தாள் எடுத்தாள். ஒன்றில் ‘கொடுக்க வேண்டியது’, அடுத்ததில் ‘தொகை’, மூன்றாவதில் ‘தேதி’ என்று தலைப்புப் போட்டாள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை யார் சொன்னார்கள், எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று குறித்தாள். சந்தேகம் வந்தால் திரும்பப் போய்க் கேட்க வேண்டுமே. ஒரு விஷயத்தைப் பின்னால் மாற்றிச் சொன்னால் முன்னால் எழுதியதை அடித்துவிட்டு, மாற்றியதை எழுதினாள்.

அப்படிக் கேட்கும்போதுதான் பதினான்காம் நிமிடத்தில் எட்டு நாற்பது வந்தது. “நோட்டீஸ்ல எவ்ளோ போட்ருக்கான், படிங்க” என்று சார் கேட்க, இவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். சார் உடனே சொல்கிறார்: “அது அவங்களா போட்ட கணக்கு. நீங்க தாக்கல் பண்ணலைல்ல? பேங்க்ல விழுந்த பணம் பூராவையும் லாபம்னு எடுத்து, அதுக்கு வரியும் அபராதமும் போட்டிருக்காங்க. பெட்ரோல், வாடகை, ரிப்பேர், கடன் வட்டி எதையும் கழிக்கலை. நாம மறுப்பு மனு போட்டு, செலவுக்கு ஆதாரம் காட்டினா இறங்கும்.”

“எவ்ளோ இறங்கும் சார்?”

“பேப்பரைப் பாக்காம சொல்லக் கூடாது. ஒரு குத்துமதிப்பா ஒண்ணு, ஒண்ணு இருபது வரலாம். என் வாயைப் பிடிச்சுக்காதீங்க.”

டீச்சர் அந்த இடத்தை மூன்று தடவை கேட்டாள். பிறகு தொகைத் தாளில் எழுதினாள்: ‘எட்டு நாற்பது: துறை தானாக மதிப்பிட்டது. மறுப்பு சொல்ல வேண்டியது. ஒரு லட்சத்திலிருந்து ஒன்று இருபது வரை: டாக்ஸ் சார் அனுமானம், உறுதி இல்லை. சார் ஃபீஸ் பதினைந்தாயிரம், ஐந்து கொடுத்தாச்சு. தாமதத்துக்கு அபராதம்: பார்த்துச் சொல்கிறேன் என்றார், தொகை சொல்லவில்லை.’

முப்பதாம் தேதியும் வந்தது. ஆனால் அது இந்த வருடக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதி. நோட்டீசுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாற்பத்தொன்றாம் நிமிடத்தில், பேப்பர் புரளும் சத்தத்துக்கு நடுவே சார் கேட்கிறார்: “ஆமா, நோட்டீஸ் கைக்கு வந்தது என்னிக்கு?”

“நேத்து... இல்ல சார், அதுக்கும் முன்னாடி. பன்னெண்டு. பன்னெண்டாம் தேதி.”

“வாங்குன நாள்லேர்ந்து முப்பது நாள்தான் மறுப்புக்கு டைம். இந்த மாசத்துக்கு முப்பத்தொண்ணு இருக்கு. அப்ப பதினொண்ணோட சரி. அது தாண்டுச்சுன்னா எட்டு நாப்பதும் நிலைச்சுரும், வசூலுக்கு வந்துருவாங்க. எட்டாம் தேதிக்குள்ள எல்லாப் பேப்பரும் என் மேஜைல இருக்கணும். புரியுதா?”

“சரி சார், சரி சார், சரி” என்கிறார் அவர்.

டீச்சர் தேதித் தாளில் ‘பதினொன்று’ என்று பெரிதாக எழுதினாள். முப்பதை நம்பி உட்கார்ந்திருந்தால் பதினொன்று அது பாட்டுக்குப் போயிருக்கும். வண்டியை விற்ற பணமும் அந்த எட்டு நாற்பதில் விழுந்திருக்கும்.

‘கொடுக்க வேண்டியது’ தாளில் ஒரு வரி மட்டும் நிரம்பவில்லை. “பெட்ரோல் பில், ரிப்பேர் பில், பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ரசீது, அப்புறம்...” என்று சார் சொல்லும்போது அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன். அது ஓய்ந்தபிறகு “...சர்ட்டிபிகேட், அது இல்லாம முடியாது” என்பது மட்டும் கேட்கிறது. போனைக் காதோடு வைத்து அழுத்திக் கேட்டாள். சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். பிறப்புச் சான்றிதழாக இருக்குமோ, வண்டிச் சான்றிதழாக இருக்குமோ என்று மனம் எங்கெங்கோ போனது. கடைசியில் ‘ஏதோ ஒரு சர்ட்டிபிகேட், பெயர் கேட்கவில்லை, சாரிடம் கேட்க வேண்டும்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

வீட்டுக்கு வந்து, கணவரின் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டாள். டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாக.

“ஏங்க, நீங்க பேசுனதைப் பூராக் கேட்டேன். கோபமில்ல. இப்ப நான் படிக்கிறேன். ஆமான்னா கையைத் தூக்குங்க. இல்லன்னா தலையை ஆட்டுங்க. வாயால சொல்ல வேணாம்.”

“சரி” என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்குச் சிரிப்பு அழுகையில் முடிந்தது.

முதல் வரி நோட்டீஸ். எங்கே என்று கேட்டாள். இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். வெளியே நின்ற காரைக் காட்டுகிறார் என்று புரிய வெகு நேரம் ஆனது. டிக்கியில், ஸ்டெப்னி டயருக்கு அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். கவரின் மேல் பன்னிரண்டாம் தேதி முத்திரை. உள்ளே முப்பது நாள் என்றே அச்சடித்திருந்தது.

பெட்ரோல் பில் எங்கே, ரிப்பேர் பில் எங்கே என்று கேட்டதற்கு அலமாரியின் மேல்தட்டைக் காட்டினார். வாடகை ரசீது என்று வந்ததும் தலையை ஆட்டினார். இல்லை என்கிற மாதிரி.

“இருக்குன்னு சார்கிட்ட சொன்னீங்களே? ரசீதெல்லாம் பக்காவா இருக்கு சார்னு உங்க வாயாலதானே சொன்னீங்க?”

பலமாகத் தலையை ஆட்டினார். “சரி. சரி. சரி.” முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சும்மா சொல்லியிருக்கிறார். சார் திட்டுவார் என்று பயந்து. பதிவில் இருந்தது உண்மைதான், பதிவில் சொன்னது உண்மையில்லை.

டீச்சர் அந்த வரிக்குப் பக்கத்தில் ‘இவர் இருக்கிறது என்றார். கிடையாது’ என்று எழுதினாள். 

ஏழாம் தேதி காலை மூன்று தாளையும் ஒரே பக்கமாகத் திருத்தி எழுதி, படம் எடுத்து அந்த ஆபீஸ் பெண்ணுக்கு அனுப்பினாள். மத்தியானம் டாக்ஸ் சாரே பேசினார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

“யாரும்மா எழுதினது? நல்லா இருக்கு. தொகை, தேதி ரெண்டும் சரி. நீங்க கேட்ட சர்ட்டிபிகேட் கார் லோனுக்குப் பேங்க்ல குடுக்கிற வட்டிச் சான்றிதழ். ரெண்டு வருஷத்துக்கும் வாங்குங்க. வாடகைக்கு அறைச் சொந்தக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கப் பாருங்க. இன்னொண்ணு. நான் ஆஜராக அவர் அதிகாரக் கடிதம் குடுக்கணும். நேர்ல வந்து கையெழுத்துப் போடுறேன்னார். இப்ப எப்படிப் போடுவார்?”

அது பேச்சிலேயே கடைசி நிமிடத்தில் இருந்தது. டீச்சர் எழுதியும் வைத்திருந்தாள். ஆனால் கையெழுத்து என்றால் வலது கை வேண்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது.

“கைநாட்டு வைக்கலாமா சார்?”

“வைக்கலாம். ஆனா அவருக்கு விஷயம் புரியுதுன்னு டாக்டர் எழுதித் தரணும், ரெண்டு சாட்சி வேணும். இல்லன்னா மனு செல்லாதும்பாங்க.” ஒரு நர்ஸ் போனைப் பிடுங்குவது கேட்டது.

வட்டிச் சான்றிதழ் சுலபமாகக் கிடைத்தது. கடனில் டீச்சரும் கூட்டாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள். பெட்ரோல் பில்களைக் கொழுந்தன் தரையில் பரப்பி மாதவாரியாகக் கட்டினான். சாவியைப் பற்றி அவன் மறுபடி பேசவே இல்லை.

ஸ்கூல் அறையின் சொந்தக்காரர் வாசலிலேயே கைவிரித்தார். “ரசீது குடுத்தா நான் வாங்குன வாடகை வெளிய தெரியும்மா. எனக்கு நோட்டீஸ் வரும். ஏன், நான் நல்லா இருக்கிறது பிடிக்கலையா?”

“ஒரு வரி எழுதிக் குடுங்க ஐயா. அவரு கெடக்குற கெடையை நீங்களே பாத்தீங்களே.”

“பாத்தேன். பாவம்தான். அதுக்காக நானும் கூடப் படுக்கணுமா?”

டீச்சர் அவர் காலில் விழப் போனாள். அவர் பின்வாங்கிக் கதவைச் சாத்திவிட்டார். சாத்திய கதவின் முன்னால் அவள் நின்றாள்.  வாடகை எல்லாம் கைக்காசாகக் கொடுத்தது. வங்கியிலும் அதற்குத் தடயம் இல்லை. வாடகைக்கு ஆதாரம் இல்லை என்றால் ஒன்று இருபது இன்னும் ஏறும். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

எட்டாம் தேதி காலை டாக்டர் வீட்டுக்கு வந்தார். கொழுந்தனும் தண்ணீர் லாரி டிரைவரும் சாட்சி. டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து, “உங்க சார்பா டாக்ஸ் சார் பேசலாமா?” என்று கேட்டார்.

“சரி.”

“பேச வேணாமா?”

“சரி.”

டாக்டர் பேனாவை மூடினார். “நான் எப்படிம்மா எழுதறது? எதைக் கேட்டாலும் ஒரே பதில் வருது.”

டீச்சர் அந்த ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து கணவரின் மடியில் வைத்தாள். “டாக்டர், நீங்க இதைப் பாத்துக் கேளுங்க. வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க.”

டாக்டர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, வேண்டுமென்றே தப்பாகக் கேட்டார். “எட்டு லட்சத்து நாப்பதாயிரத்தை அப்படியே ஒத்துக்கிட்டுக் கட்டிடப் போறீங்க. அப்படித்தானே?”

அவர் தலையை வேகமாக ஆட்டினார். இடது கை விரலால் எட்டு நாற்பது என்ற வரியைக் குத்தி, குறுக்கே கோடு இழுத்தார். பிறகு விரலைக் கீழே நகர்த்தி, மறுப்பு மனு என்ற வரியில் நிறுத்தினார்.

“எந்தத் தேதிக்குள்ள போடணும்?”

விரல் முப்பதைத் தாண்டிப் போனது. எட்டின் மேல் ஒரு கணம் நின்றது. பதினொன்றில் வந்து ஊன்றியது.

“சரி” என்றார், யாரும் கேட்காமலே.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். டீச்சர் அவருடைய இடது கட்டை விரலை மையில் தோய்த்து ஒற்றினாள். லாரி டிரைவர் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லி ஓடினான். மத்தியானம் எல்லாக் காகிதமும் டாக்ஸ் சார் ஆபீஸ் மேஜைக்குப் போனது. ஆபீஸ் பெண் அந்தப் பக்கத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். வாடகை இடத்தில் ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிக்கொண்டாள். பத்தாம் தேதி மனு தாக்கலானது. முப்பதுக்கு முன்னால் இந்த வருடக் கணக்கும் போனது.

விசாரணை முடிய நாலு மாதம் பிடித்தது. அந்த நாலு மாதமும் தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே டீச்சர் வாசலுக்கு வந்து நிற்பாள். அபராதத்தோடு சேர்த்து ஒன்று தொண்ணூறு என்று உத்தரவு வந்தது. வாடகையைக் கழிக்கவில்லை. எட்டு நாற்பதுக்கு முன்னால் அது ஒன்றுமில்லை என்று கொழுந்தன் சொன்னான். ஒன்றுமில்லாத அந்தத் தொகை டீச்சரிடம் இல்லை. பழைய காரை விற்றாள், இந்தத் தடவை நிதானமாக, மூன்று பேரிடம் விலை கேட்டு. மீதியைத் தவணையில் கட்ட டாக்ஸ் சார் அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

ஸ்கூலை இப்போது வீட்டுக்கே மாற்றிவிட்டாள். அறைக்காரர் அட்வான்சைத் திருப்பித் தரும்போது ரசீது கேட்டார். அவள் சிரிக்கவில்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஒரே காரில் காலை ஆறு மணியிலிருந்து வகுப்பு ஓடுகிறது. கணவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற மாணவர்களுக்கு இடது கையால் டோக்கன் கொடுக்கிறார். புதிதாக வருகிறவர்கள் அவரிடம் நேரம் கேட்டுக் குழம்பிப் போகிறார்கள். தவணை இன்னும் ஏழு பாக்கி.